கடுப்பு வேறு, குத்தல் வேறு

அக்கா படியில் பக்கவாட்டாக இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கையால் மண்மேட்டைத் தாங்கிப் பிடித்து, இடது காலைக் கீழ்ப்படியில் வைத்து, வலது காலை அதன் அருகே கொண்டுவந்து நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, பிறகு அடுத்த படி. நான் கீழே வீதியில் ஹட்டன் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். அந்தப் படிகளில் அவர் சிறு வயதில் தலையில் விறகோடு ஓடி இறங்கியதைப் பார்த்தவன் நான்.

“கால் பிசகிவிட்டதா அக்கா?”

“இல்லை தம்பி. நீ எழுதிக் கொடுத்த தாளில் இருக்கிறதே, முதலில் வலி இருக்கும், விடாமல் செய்ய வேண்டும் என்று. அந்த வலிதான். இன்னும் கொஞ்ச நாளில் போய்விடும்.”

அந்த வாக்கியத்தை எழுதியவன் நான். எதை நினைத்து எழுதினேன் என்பதும் எனக்குத் தெரியும். அக்கா சொன்ன வலி நான் நினைத்த வலி இல்லை என்பது அவர் அடுத்த படியில் கால் வைத்தபோதே தெரிந்தது.

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, நீதிமன்றக் கட்டளை என்று தாள்களோடு என் நாள் போகும். நகரத்தில் கடை ஒன்றின் மாடியில் உடற்பயிற்சிக் கூடம் தொடங்கிய இளைஞர் ஒருவர், புதிதாகச் சேர்பவர்களுக்கான பயிற்சித் தாளை ஆங்கிலத்தில் வைத்திருந்தார். வருகிறவர்களில் பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள், மீதிப் பேர் கடைக்காரர்களும் ஆசிரியர்களும். “தமிழில் ஆக்கித் தாருங்கள் அண்ணா” என்று கேட்டார். இரண்டு பக்கம்தான். ஒரு மாலையில் முடித்துக் கொடுத்தேன். பெரியம்மா மகளான அக்கா, 43 வயது, தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. இரத்தத்தில் சீனி கூடிக்கொண்டு வருகிறது, உடற்பயிற்சி செய்யுங்கள் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அந்தக் கூடத்தில் நான்தான் அவரைச் சேர்த்துவிட்டேன்.

தாளில் இருந்தது எல்லா ஊரிலும் புதியவர்களுக்குக் கொடுக்கும் சாதாரணத் திட்டம்தான். திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள். ஒவ்வொரு நாளும், நின்ற நிலையிலிருந்து உட்காரப் போவதுபோல் இறங்கி எழும் ஸ்குவாட் 10 தடவை வீதம் 3 செட், ஒரு காலை முன்னே எட்டி வைத்து முழங்காலை மடக்கி இறங்கும் லஞ்ச் காலுக்கு 10 தடவை வீதம் 3 செட், உட்கார்ந்து காலை நீட்டும் இயந்திரத்தில் 12 தடவை வீதம் 3 செட். பிறகு மார்பு, முதுகு, தோள் ஆகியவற்றுக்கான பயிற்சிகள். முடிவில் ட்ரெட்மில்லில் 20 நிமிடம் நடையும் மெல்லோட்டமும். செட்டுகளுக்கு இடையே 60 முதல் 90 விநாடி ஓய்வு. மீதி நான்கு நாட்கள் ஓய்வு நாட்கள்.

கீழே ஒரு குறிப்பு. முதல் இரண்டு வாரங்களில் ‘சோர்’ ஆக இருப்பது இயல்பு, அதற்காக நிறுத்தவேண்டாம் என்று ஆங்கிலத்தில் இருந்தது. ‘வலி இருப்பது இயல்பு, அதற்காகப் பயிற்சியை நிறுத்தவேண்டாம்’ என்று எழுதினேன். அகராதியைக் கேட்டால் அதுவும் வலி என்றுதான் சொல்லும். சான்றிதழாக இருந்தால் அந்த வரியில் யாரும் குற்றம் காணமாட்டார்கள். ஆனால் தலைவலி, பிரசவ வலி, பல்வலி, மனவலி என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்ளும் ஒரே வண்டி அந்தச் சொல். பயிற்சித் தாளில் அதைத் தனியாக விட்டது என் தவறு.

வெட்கப்படும்படியாக, சரியான சொல் எங்கள் லயத்திலேயே இருந்தது. நாள் முழுவதும் ஏற்றமான மலையில் கொழுந்து பறித்துவிட்டு வருகிற அம்மா, “தொடை கடுக்கிறது” என்பார். அது சதையில் வரும் நோவு. பழக்கமில்லாத வேலை செய்த மறுநாள் தொடங்கும், இரண்டாம் நாள் உச்சத்தில் இருக்கும், நான்கு ஐந்து நாளில் அடங்கும். இரண்டு தொடையிலும் பரவலாக இருக்கும். கொஞ்சம் நடந்து உடம்பு சூடாகிவிட்டால் இளகும். ஆங்கிலத் தாள் சொன்னது இந்தக் கடுப்பைத்தான். “முழங்கால் குத்துகிறது” என்பது அம்மா வாயில் வேறு பேச்சு. அது மூட்டில் வருவது. பெரும்பாலும் ஒரு காலில் மட்டும், விரலாலோ உள்ளங்கையாலோ இடத்தைக் காட்ட முடியும், தடவைகள் ஏற ஏறக் கூடும். இந்தக் குத்தலை எந்தப் பயிற்சித் தாளும் இயல்பு என்று சொல்லவில்லை. நான் இரண்டையும் ஒரே சொல்லில் கட்டிக் கொடுத்தேன். எழுதியிருப்பதை எழுத்துப் பிசகாமல் செய்து பழகிய ஆசிரியை அதன்படி நடந்தார்.

அந்த வாரமே அக்காவை ஓர் இயன்மருத்துவரிடம் அழைத்துப் போனேன். எங்கே வலிக்கிறது என்று அவர் கேட்டதும், அக்கா வலது முழங்கால் சில்லின் மீது உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தார். ஏறும்போதா, இறங்கும்போதா? இறங்கும்போது. பஸ்ஸில் நெடுநேரம் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு எழுந்தால்? “ஐயோ, அப்போதுதான் அதிகம்” என்றார் அக்கா. வீங்கியதா, சூடாக இருந்ததா, நடக்கும்போது கால் மடிந்து விழப் பார்த்ததா, மடக்கிய கால் நீட்ட முடியாமல் சிக்கிக்கொண்டதா, இரவில் வலியால் விழிப்பு வந்ததா, எங்காவது விழுந்தீர்களா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில். இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்று சொல்லியிருந்தாலும் பயிற்சியைப் பற்றிப் பேசாமல் முதலில் மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன் என்றார்.

அவர் விளக்கியது இது. முழங்கால் சில்லு, தொடை எலும்பின் முனையில் உள்ள ஒரு பள்ளத்தில் மேலும் கீழும் வழுக்கி ஓடுகிறது. உடல் எடையைத் தாங்கியபடி முழங்காலை மடக்கும்போது தொடைச் சதை சில்லை எலும்பின் மீது அழுத்துகிறது. அந்த அழுத்தத்தைத் தாங்கும் பழக்கம் மூட்டுக்கு இருக்கிறது. பழகிய அளவை விட்டு ஒரேயடியாகக் கூட்டினால்தான் அது முறையிடுகிறது. அக்காவின் வயதில் மூட்டுத் தேய்மானத்தின் தொடக்கமும் கொஞ்சம் கலந்திருக்கலாம். அப்படி இருந்தாலும் செய்யவேண்டியது பெரிதாக மாறாது. முழுக்க நிறுத்தினால் தொடைச் சதை இன்னும் தளர்ந்து, அடுத்த முறை இதைவிடக் குறைந்த வேலைக்கே வலிக்கும். “நிறுத்தாதீர்கள். தாளைத் திருத்திக்கொண்டு வாருங்கள், பார்த்துத் தருகிறேன்” என்றார்.

இரண்டாவது முறை அந்தத் தாளைத் தொட்டபோது, சொல்லுக்குச் சொல் வைக்கும் வேலை முடிந்து, ஒவ்வொரு வரியும் இந்தக் காலுக்கு என்ன செய்கிறது என்று கேட்கும் வேலை தொடங்கியது. மேலுடம்புப் பயிற்சிகளில் ஒன்றையும் மாற்றவில்லை. முழங்கால் வலிக்காக மார்புக்கும் முதுகுக்கும் விடுமுறை கொடுக்கத் தேவையில்லை. பார்க்கவேண்டியவை ஸ்குவாட், லஞ்ச், கால் நீட்டும் இயந்திரம், ட்ரெட்மில் ஆகிய நான்குமே.

ஸ்குவாட்டில் மொழிபெயர்ப்புத் தவறு ஒன்றும் சேர்ந்திருந்தது. மூலத்தில் ‘ஹிப்’பைப் பின்னால் தள்ளச் சொல்லியிருந்தது. நான் இடுப்பு என்று எழுதினேன். தமிழில் இடுப்பு என்றால் சேலைக் கொசுவம் செருகும் இடமும் அதுதான், குழந்தையைத் தூக்கி வைக்கும் இடமும் அதுதான். அக்கா என்ன செய்தார் என்றால், கொசுவம் செருகும் இடத்தில் முன்னுக்கு வளைந்தார். உட்காரும் பகுதி பின்னால் போகவில்லை. முழங்கால்கள் மட்டும் கால்விரல்களுக்கு வெகு தூரம் முன்னே போயின. உடல் எடை தொடைக்கும் பின்புறச் சதைக்கும் பிரிந்து போகாமல், மூட்டின் முன்பக்கமே எல்லாவற்றையும் சுமந்தது. ‘இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள்’ என்பதை அடித்துவிட்டு, ‘பின்னால் ஒரு நாற்காலி இருக்கிறதா என்று தேடுவதுபோல் உட்காரப் போங்கள்’ என்று எழுதினேன். அதைப் படித்துக் காட்டியதும், எந்த விளக்கமும் இல்லாமல் அக்கா சரியாகச் செய்தார்.

பிறகு ஆழம். தொடை தரைக்குச் சமாந்தரமாகும் வரை இறங்கச் சொன்னது மூலத் தாள். எடை தாங்கியபடி எவ்வளவு ஆழம் மடக்குகிறோமோ, அவ்வளவுக்குச் சில்லின் மீது அழுத்தம் கூடும். ஆகவே தேடுகிற நாற்காலியை உண்மையாகவே வைத்துவிட்டோம். கூடத்தில் 45 சென்ரிமீற்றர் உயரமான மரவாங்கு ஒன்று உண்டு. தச்சுப் பட்டறையில் 4 சென்ரிமீற்றர் தடிப்புள்ள பலகைத் துண்டுகள் மூன்று வாங்கி அதன்மேல் அடுக்கினோம். மொத்த உயரம் 57. அக்கா உயரம் குறைந்தவர் என்பதால் அந்த உயரத்தில் முழங்கால் ஏறத்தாழப் பாதிதான் மடிந்தது. மூன்று வரை எண்ணி இறங்கி, பலகையை மெல்லத் தொட்டு, எடையை அதில் போடாமல் எழவேண்டும். எடை எதுவும் கையில் இல்லை. 8 தடவை வீதம் 3 செட்.

கால் நீட்டும் இயந்திரத்தில் கணக்கு நேர்மாறாக இருந்தது. எனக்கு மிகவும் வியப்பளித்த விஷயம் இதுதான். இங்கே பாரம் கணுக்காலுக்கு மேலே இருக்கிறது. காலை நிமிர்த்த நிமிர்த்தத் தொடைச் சதை கூடுதலாக இழுக்கவேண்டும். அதே வேளை கால் நேராகும்போது சில்லும் எலும்பும் தொட்டுக்கொள்ளும் பரப்பு சிறுத்துவிடும். கூடுதல் இழுவை, சிறிய பரப்பு. வீட்டுக் கதவை உள்ளங்கையால் தள்ளுவதற்கும் விரல்நுனியால் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாடு அது. ஆகவே ஸ்குவாட்டில் மேற்பாதி நல்லது, இந்த இயந்திரத்தில் காலை மடக்கிய நிலையிலிருந்து தூக்கும் முதற்பாதி நல்லது. எங்கள் தாளோ ‘காலை முழுமையாக நீட்டி ஒரு விநாடி நிறுத்துங்கள்’ என்று, எந்த இடம் உறுத்துமோ அந்த இடத்திலேயே நிறுத்தச் சொன்னது. நல்ல மூட்டு உள்ளவருக்கு அதில் தீங்கில்லை. அக்காவுக்கு அதை ‘பாதிவரை மட்டும் தூக்குங்கள்’ என்று மாற்றினோம். அந்த இயந்திரத்தில் பாதியில் தடுத்து நிறுத்தும் வசதி இல்லை. கூடத்துத் தம்பி காலுக்கு முன்னே கையை நீட்டிப் பிடித்து, “இதைத் தொட்டதும் இறக்குங்கள் டீச்சர்” என்று பழக்கினார். பாரத்தையும் பாதியாகக் குறைத்தார்.

லஞ்ச் பயிற்சியை நான்கு வாரத்துக்கு எடுத்தே விட்டோம். அதற்குப் பதிலாக மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிப் பாதத்தை ஊன்றி, உட்காரும் பகுதியைத் தரையிலிருந்து தூக்கும் பயிற்சி 12 தடவை வீதம் 3 செட். ஒருக்களித்துப் படுத்து மேல்காலை நேராகத் தூக்குவது 10 தடவை வீதம் 3 செட். வலி முழங்காலில் இருக்க, தொடை மூட்டைச் சுற்றிய சதையை ஏன் வலுப்படுத்துகிறோம் என்று அக்கா கேட்டார். அந்தச் சதை தளர்ந்திருந்தால் படியில் ஒரு காலில் நிற்கும்போது தொடை உட்புறமாகச் சாயும். தொடை சாய்ந்தால் பள்ளம் திரும்பிவிடும், சில்லு அதன் ஓரத்தில் உரசும். முழங்கால் சில்லு வலிக்குத் தொடைச் சதையையும் இதையும் சேர்த்துப் பயிற்றுவிப்பதே இன்று இயன்மருத்துவர்கள் சொல்லும் வழி. மெல்லோட்டத்தை நீக்கிவிட்டு, நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிளை வைத்தோம். அதன் இருக்கை மிகத் தாழ்வாக இருந்தது. கீழ்மிதியில் பாதம் இருக்கும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்கும் அளவுக்கு உயர்த்தினோம்.

எந்த அளவு வலியோடு செய்யலாம் என்பதற்கு எண் வேண்டும் என்றார் இயன்மருத்துவர். வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10. சுவீடன் நாட்டு இயன்மருத்துவர் ரோலண்ட் தொமே, முழங்கால் சில்லு வலியுள்ள இளம் பெண்களுக்காக 1997இல் எழுதிய சிகிச்சை முறையில் இத்தகைய அளவுகோலை வைத்து, 5 வரை ஏற்கத்தக்கது என்று வகுத்திருக்கிறார். எங்களுக்கு இன்னும் இறுக்கமாக 3 என்று எல்லை வைத்தார்கள். அதோடு ஒரு நிபந்தனை: மறுநாள் காலையில் எண் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். கூடத்தில் 2 என்று இருந்துவிட்டு மறுநாள் காலை 5 ஆனால், முந்தைய நாள் செய்தது அதிகம் என்று பொருள். இந்த மறுநாள் காலைதான் முக்கியம். பயிற்சி செய்யும்போது உடம்பு சூடாக இருப்பதால் மூட்டு பல சமயம் உண்மையைச் சொல்வதில்லை.

அக்கா ஒரு கொப்பியில் கோடு போட்டு எழுதத் தொடங்கினார். ஒவ்வொரு நாள் காலையிலும் வீட்டிலிருந்து முதல் பத்துப் படி இறங்கும்போது என்ன எண், அன்று எத்தனை முறை இறங்கினார், கூடத்தில் என்ன செய்தார். இரண்டு வாரம் கழித்து அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அதில் ஒரு புதிர் இருந்தது. சனியும் ஞாயிறும் கூடம் இல்லை, பாடசாலையும் இல்லை. தாளின்படி தொடர்ந்து இரண்டு ஓய்வு நாள். அப்படியானால் திங்கள் காலைதான் கால் மிக நன்றாக இருக்கவேண்டும். கொப்பியிலோ இரண்டு வாரமும் திங்கள் காலை 5. சனிக்கிழமை காலை 3. ஓய்வெடுத்தால் கூடுகிறது, வேலை செய்தால் குறைகிறது என்பதுபோல் இருந்தது.

“ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள் அக்கா?”

“ஒன்றும் செய்யவில்லை. வீட்டில்தான் இருந்தேன். துணி துவைத்தேன்.”

எங்கே துவைத்தார்? பீலியில். எவ்வளவு நேரம்? ஐந்து பேருடைய ஒரு வாரத் துணி, போர்வையும் சேர்த்து. ஒன்றரை மணி நேரம், குந்தியபடி. முழங்கால் முழுவதுமாக மடிந்து, உடல் எடை முழுவதும் அதன்மேல். கூடத்தில் பலகை அடுக்கி 57 சென்ரிமீற்றருக்குக் கீழே போகாதீர்கள் என்று காத்த முழங்காலை, ஓய்வு நாளில் தரைமட்டம் வரை இறக்கி ஒன்றரை மணி நேரம் வைத்திருந்திருக்கிறார்.

இதுவும் என் சொல்லிலிருந்து வந்ததுதான். ‘ஓய்வு நாள்’ என்று நான் எழுதியதற்கு, கூடத்துக்குப் போகத் தேவையில்லாத நாள் என்றே அவர் பொருள் கொண்டார். வேறு எப்படிக் கொள்வார்? மூலத் தாளை எழுதியவர் மின்தூக்கியும் சலவை இயந்திரமும் உள்ள ஊரில் இருந்திருக்கக்கூடும். அங்கே பயிற்சி இல்லாத நாளில் காலுக்கும் வேலை இல்லை. எங்கள் ஊரில் வீட்டுக்கும் வீதிக்கும் இடையே மலை இருக்கிறது.

அந்த மலையையும் கணக்கில் எடுத்தோம். அக்காவின் லயத்திலிருந்து வீதிக்கு 240 படிகள். காலையில் இறங்கவேண்டும், மாலையில் ஏறவேண்டும். ஐந்து நாளில் இறங்கியவை மட்டும் 1,200. ஒவ்வொரு காலுக்கும் 600. மூலத் தாளின்படி வாரத்துக்கு ஸ்குவாட் 90 தடவை, லஞ்ச் காலுக்கு 90 தடவை. மூன்று வாரமாக அந்த 600க்கு மேல் நாங்கள் இவற்றையும் அடுக்கியிருக்கிறோம். ஏறுவது மூச்சு வாங்கும், ஆனால் மூட்டுக்கு ஓரளவு இதம். இறங்கும்போதுதான் தொடைச் சதை நீண்டுகொண்டே எடையைப் பிடித்து நிறுத்தி இறக்கவேண்டியிருக்கிறது. மேலே நிற்கும் காலின் முழங்கால் மடிந்தபடி முழு உடம்பையும் தாங்குகிறது.

அக்கா முதல் நாள் இறங்கிய விதம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. நல்ல காலான இடதை முதலில் கீழே வைத்தார். அப்படியானால் மேலே நின்று உடம்பை இறக்கியது வலிக்கும் வலது கால். வலிக்கும் காலை முதலில் கீழே வைக்கவேண்டும், நல்ல கால் மேலே நின்று இறக்கும். ஏறும்போது நல்ல கால் முதலில். இதை இயன்மருத்துவர் ஒரு நிமிடத்தில் காட்டிக் கொடுத்தார். எண் 4க்கு மேல் இருக்கும் காலைகளில் மட்டும் அப்படி ஒவ்வொரு படியாக இறங்கச் சொன்னார். எப்போதும் அப்படியே இறங்கினால் வலது கால் வேலையை மறந்துவிடும். கையில் ஒரு தடியும் வைத்துக்கொள்ளச் சொன்னார். மழைக்காலத்தில் பாசி பிடித்த படியில் வழுக்கிவிடுமோ என்று உடம்பை இறுக்கி இறங்குவதே தனிப் பாரம். தடி இருந்தால் அந்த அச்சம் பாதியாகும்.

துணிக்கு வழி எளிதாகக் கிடைத்தது. அத்தான் பீலிக்கரையில் கற்களை அடுக்கி, இடுப்பு உயரத்துக்கு ஒரு துவைகல் மேடை கட்டினார். நின்றபடி துவைக்கலாம். போர்வைகளைப் பெரிய மகன் துவைக்கவேண்டும் என்று முடிவாயிற்று. அவனுக்குப் பதினேழு வயது.

இதையெல்லாம் வைத்து வாரத்தைத் திரும்ப எழுதினோம். கால் பயிற்சி மூன்று நாளிலிருந்து இரண்டு நாளாயிற்று. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்வதும் வாரத்தில் இரண்டு நாளேனும் சதை வலுப் பயிற்சி என்பதுதான், ஆகவே இதில் இழப்பில்லை. பெரிய கால் பயிற்சியைச் சனிக்கிழமைக்கு மாற்றினோம். மறுநாள் ஞாயிறு, வீதிக்கு இறங்கவேண்டியதில்லை, இப்போது குந்தவும் வேண்டியதில்லை. திங்கள் மாலை மேலுடம்பு மட்டும். புதன்கிழமை கால் பயிற்சி 3 செட்டுக்குப் பதில் 2 செட், ஏனென்றால் வியாழன் காலையில் 240 படி காத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை கூடம் இல்லை. ஐந்து நாளும் இறங்கிய கால் அன்று மாலை வீடு திரும்பினால் போதும். தாளில் ‘ஓய்வு நாள்’ என்ற சொல்லை அடித்துவிட்டு, ‘முழங்காலுக்கு ஓய்வு: குந்தவேண்டாம், பாரத்தோடு இறங்கவேண்டாம், சமதரையில் நடக்கலாம்’ என்று எழுதினேன். நீளமான வரிதான். ஆனால் படிப்பவர் அதை வேறு விதமாகப் பொருள்கொள்ள முடியாது.

மேடை கட்டிய இரண்டாவது வாரத்தில் திங்கள் காலை எண் 3 ஆயிற்று. நான்காவது வாரத்தில் 2.

கூட்டுவதற்கும் ஒரு விதி தேவைப்பட்டது. மூலத் தாள் வாரந்தோறும் 5 இறாத்தல் கூட்டச் சொன்னது. அக்காவுக்கு எடையைக் கூட்டுவதற்கு முன் ஆழத்தைக் கூட்டவேண்டும். இரண்டு வாரம் தொடர்ந்து மறுநாள் காலை எண் ஏறாமல் இருந்தால் ஒரு பலகையை எடுப்பது. ஏறினால் பலகையைத் திரும்ப வைப்பது. ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. ஆழத்தையும் எடையையும் நாட்களையும் சேர்த்துக் கூட்டிவிட்டால், வலி வரும்போது எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

முதல் பலகை எடுத்த மறுவாரம் பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டி. நாள் முழுவதும் நின்று, பிள்ளைகளுக்குப் பின்னால் மைதானத்துச் சரிவில் ஏறி இறங்கி, மறுநாள் எண் 6. அக்கா கொப்பியை மூடி வைத்துவிட்டு, “எனக்கு இது ஒத்துவராது தம்பி, விட்டுவிடுகிறேன்” என்று தொலைபேசியில் சொன்னார். குரல் உடைந்திருந்தது. வீங்கியிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. கால் மடிகிறதா? இல்லை. அப்படியானால் மூட்டு பழுதாகவில்லை, அளவு மிஞ்சியிருக்கிறது. ஒரு வாரம் தடவைகளைப் பாதியாக்கி, பலகையைத் திரும்ப வைத்தோம். மேலுடம்பையும் படுத்துச் செய்யும் பயிற்சிகளையும் விடவில்லை. எட்டாவது நாள் எண் 2க்கு வந்தது. அதற்குப் பிறகு அவர் விட்டுவிடுகிறேன் என்று சொன்னதில்லை. எண் ஏறிய வாரங்கள் இன்னும் இரண்டு வந்தன. ஒரு முறை காரணம் புதிய செருப்பு. மற்ற முறை காரணம் தெரியவில்லை. இரண்டு முறையும் கொப்பியைப் பார்த்து அவரே அளவைக் குறைத்துக்கொண்டார்.

உண்டுவப் பௌர்ணமி நெருங்கியபோது வேறொரு பேச்சு வந்தது. சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்குகிறது, பிள்ளைகளோடு ஏற ஆசை என்றார். நல்லதண்ணி வழியில் படிகள் ஐயாயிரத்துக்கு மேல். ஏறிவிடுவார், அதில் எனக்கு ஐயமில்லை. விடிந்ததும் அத்தனையையும் இறங்கவேண்டும். அவர் பழகியிருப்பது ஒரு நாளில் 240. ஏறத்தாழ இருபது மடங்கு. இயன்மருத்துவரிடம் கேட்டோம். அவர் இல்லை என்று சொல்லவில்லை. “இருநூற்று நாற்பதை ஒரு நாளில் இரண்டு முறை, பிறகு மூன்று முறை இறங்கி, மறுநாள் எண் என்ன என்று பாருங்கள்” என்றார். அக்கா இரண்டு முறை இறங்கிப் பார்த்தார். மறுநாள் 4. அந்தப் பருவத்தில் போகவில்லை. பிள்ளைகளை அத்தானோடு அனுப்பிவிட்டு, வீட்டு வாசலிலிருந்து மலையைக் கும்பிட்டார்.

கூடத்தில் இப்போது இருப்பது தாளின் நான்காவது வடிவம். கடைசிக் குறிப்பு இப்படி இருக்கிறது: ‘முதல் இரண்டு வாரங்களில் சதை கடுக்கும். அது இயல்பு, தொடருங்கள். மூட்டில் குத்தினால் அன்றைய பயிற்சியை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். வீங்கினால், சிக்கிக்கொண்டால், கால் மடிந்து விழப் பார்த்தால் மருத்துவரைப் பாருங்கள்.’ கொட்டகலையிலிருந்து வருகிற பெரியவர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, “கடுப்பு என்றால் எங்கள் பக்கம் கோபம், தம்பி. உளைச்சல் என்று போடுங்கள்” என்றார். கடுப்புக்குப் பக்கத்தில் உளைச்சல் என்பதையும் சேர்த்து எழுதிவிட்டேன்.

சென்ற சனிக்கிழமை அக்கா இரண்டாவது பலகையை எடுத்தார். உயரம் 49. ஞாயிறு காலை எண் 1, திங்கள் காலை 1. இன்னும் ஒரு பலகை இருக்கிறது.